கரிசல் வெளியில் இடிமின்னல்: வயல், கோபுரம், கட்டுமானத் தளங்களில் பணிபுரிவோருக்கான பாதுகாப்பு விளக்கம்

கோவில்பட்டி, விளாத்திகுளம், நாகலாபுரம், புதூர் வட்டாரங்களில் கரிசல் நிலம் பெரும்பாலும் மானாவாரியாகவே பயிரிடப்படுகிறது. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் ஆகியவற்றிற்குக் களையெடுப்பதும் உரமிடுவதும் ஐப்பசியில் நடைபெறுகின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் அதுவே. பிற்பகல் இடிமழை மிகுந்த வாரங்களும், புஞ்சைகளில் ஆள்கள் மிகுந்திருக்கும் வாரங்களும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. சித்திரை, வைகாசிக் கோடைமழையின்போதும் இதே ஆபத்து உண்டு.

2025 அக்டோபர் 16 அன்று கடலூர் மாவட்டம் வேப்பூர் அருகேயுள்ள கழுதூரில், மக்காச்சோள வயலில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி உயிரிழந்தனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 2,887 பேர் மின்னலால் இறந்துள்ளனர். வெள்ளம், புயல், வெப்பம் முதலிய இயற்கை நிகழ்வுகளால் அவ்வாண்டு இறந்தவர்களில் இது மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகம்.

திறந்த வெளியில் மின்னலிலிருந்து பாதுகாப்பான இடம் எதுவும் இல்லை. எனவே, எங்கே செல்வது, எப்போது புறப்படுவது என்ற இரண்டையும் வேலை தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு. அதை எவ்வாறு செய்வது என்பதையும், எவரேனும் தாக்கப்பட்டால் முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதையும் இப்பக்கம் விளக்குகிறது.

மின்னல் மனிதரை எவ்வாறு தாக்குகிறது?

"இடி விழுந்தது" என்று சொல்லும்போது, வானிலிருந்து ஒரு கீற்று நேராக ஒருவரின் தலைமீது இறங்குவதாகவே நாம் எண்ணுகிறோம். அவ்வாறான நேரடித் தாக்குதல் மிகவும் குறைவு. மின்னலால் பாதிக்கப்படுவோரில் பெரும்பகுதியினரை அது நிலத்தின் வழியாகவோ, அருகிலுள்ள உயரமான பொருளின் வழியாகவோ வந்தடைகிறது.

மின்னல் ஒரு பனைமரத்தையோ வெற்று நிலத்தையோ தாக்கினால், அதன் மின்னோட்டம் அங்கேயே அடங்கிவிடுவதில்லை. தாக்கிய புள்ளியிலிருந்து சுற்றிலும் மண்ணில் பரவுகிறது. அந்நிலத்தில் ஒருவர் கால்களை அகற்றி நின்றால், ஒரு காலடியிலுள்ள மின்னழுத்தமும் மறு காலடியிலுள்ள மின்னழுத்தமும் வேறுபடும். அந்த வேறுபாட்டினால் மின்னோட்டம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்குகிறது. நெருங்கி நிற்கும் பலர் ஒரே மின்னலில் ஒருசேர விழுவதற்கும், ஆட்டு மந்தைகள் கூட்டமாக மடிவதற்கும் இது முக்கியக் காரணமாகும். கால்நடைகளின் முன்னங்கால்களுக்கும் பின்னங்கால்களுக்கும் இடையே தொலைவு அதிகம் என்பதாலும், மின்னோட்டம் இதயத்தைக் கடந்து செல்வதாலும் அவற்றிற்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

மரத்தடியில் ஒதுங்குவோருக்கு நேர்வது வேறு. மரத்தில் இறங்கும் மின்னோட்டம், பாதி வழியில் அருகில் நிற்பவரின் உடலுக்குத் தாவிவிடுகிறது. மனித உடல் மரத்தைவிட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதே காரணம். பரந்த கரிசல் வெளியில் ஆங்காங்கே தனித்து நிற்கும் பனையும், வேம்பும், உடைமரமும்தான் உயரமானவை. மழைக்கு ஒதுங்க அவற்றைவிட்டால் வேறு இடம் இல்லை என்று தோன்றும் அந்த நேரத்தில், ஒதுங்கக் கூடாத இடமும் அவையே.

எப்போது புறப்பட வேண்டும்?

மின்னல் வெளிச்சம் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அதன் ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடிகள் ஆகின்றன. எனவே வெளிச்சத்திற்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் தாக்கியது என்பது தெரியும். முப்பது வினாடி என்றால் பத்துக் கிலோமீட்டர். இடிமேகம் தன் மழைப்பகுதிக்கு வெளியே பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னலைச் செலுத்தக்கூடும். ஆதலால் உங்கள் தலைக்குமேல் வானம் வெளுத்திருந்தாலும், மழைத்துளி ஒன்றுகூட விழாவிட்டாலும், இடியோசை கேட்கிறது என்றால் நீங்கள் மின்னலின் எட்டும் தொலைவில் இருக்கிறீர்கள் என்று கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு புஞ்சையில் பத்துப் பேர் களையெடுக்கிறார்கள். அருகிலுள்ள கான்கிரீட் கட்டடம் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், ஊருக்குள் இருக்கிறது. காய்ந்த வண்டிப்பாதையில் நடந்தால் இருபது நிமிடம். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மின்னல் தெரிகிறது. நாற்பத்தைந்து வினாடி கழித்து இடி கேட்கிறது. மேகம் பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நெருங்குவதாகக் கொண்டால், நிமிடத்திற்கு அரைக் கிலோமீட்டர் வீதம் முன்னேறுகிறது. பத்து நிமிடத்தில் அது பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள் வந்துவிடும். நடப்பதற்கோ இருபது நிமிடம் தேவை. முதல் இடி கேட்டவுடன் புறப்பட்டாலும், கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் ஆபத்தான எல்லைக்குள்ளேதான் நடக்க வேண்டியிருக்கும்.

"இந்தச் சாலை முடிந்ததும் போகலாம்" என்று அவர்கள் கால் மணி நேரம் தாமதித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மழை இறங்கிய கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு நடையைத் தளர்த்தும். இருசக்கர வாகனத்தின் சக்கரத்திற்கும் மட்காடுக்கும் இடையே மண் இறுகி வண்டி நகராது. இருபது நிமிடப் பாதை நாற்பது நிமிடமாகலாம். அதுவும் இடிமழையின் நடுவில்.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, பாதுகாப்பான கட்டடம் பத்து நிமிட நடைக்கு மேல் தொலைவில் இருந்தால், இடியோசைக்காகக் காத்திருக்கக் கூடாது. பிற்பகலில் மேகம் கோபுரம்போல் உயர்ந்து, அடிப்பகுதி கறுத்து வருவதைக் கண்டதும் புறப்பட வேண்டும். இரண்டாவது, தொலைவைக் குறைக்க வழி தேட வேண்டும். ஆள்களை ஏற்றிவந்த வேன் மூடிய இரும்புக் கூரையும் கண்ணாடிக் கதவுகளும் கொண்டதாக இருந்தால், அதைத் திருப்பி அனுப்பாமல் தார்ச்சாலையின் ஓரத்தில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இருபது நிமிடம் ஐந்து நிமிடமாகிவிடும். மழைநாள்களில் ஊருக்கு அருகிலுள்ள புஞ்சையில் பிற்பகல் வேலையையும், தொலைவிலுள்ள புஞ்சையில் காலை வேலையையும் வைத்துக்கொள்வதும் பயனளிக்கும்.

முன்னறிவிப்பு உதவியாக இருக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த மூன்று மணி நேரத்திற்கான இடிமின்னல் எச்சரிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி என்னும் கைபேசிச் செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி அண்மையில் தாக்கிய மின்னல்களைக் காட்டி எச்சரிக்கிறது. வேலைக்குச் செல்லும் குழுவில் ஒருவரேனும் இதனைக் கைபேசியில் வைத்திருந்து, நண்பகலுக்குப் பின் அவ்வப்போது பார்க்க வேண்டும். புஞ்சைகளில் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், செயலி அமைதியாக இருப்பதையே பாதுகாப்பு என்று கொள்ளாமல் வானத்தையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேலையை நிறுத்தும் முடிவை யார் எடுப்பது என்பதும் முன்பே தெளிவாக இருக்க வேண்டும். அரை நாள் கூலி போய்விடும் என்ற அச்சமே பலரை வயலில் நிற்க வைக்கிறது. இடிமழைக்காக நிறுத்திய நேரத்திற்குக் கூலி பிடிப்பதில்லை என்று நில உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் காலையிலேயே சொல்லிவிட்டால், புறப்படுவதில் தயக்கம் இருக்காது. அவ்வாறு சொல்லப்படாவிட்டால், வேலை தொடங்குமுன் நீங்களே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடைசி இடியோசை கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை வயலுக்குத் திரும்ப வேண்டாம். இடையில் மீண்டும் இடி கேட்டால் முப்பது நிமிடக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். மழை விட்டதும் மண்வெட்டியையும் உரச்சாக்கையும் எடுக்க விரைவது ஆபத்தானது.

எது பாதுகாப்பான இடம்?

நான்கு புறமும் சுவரும், மின்கம்பி இணைப்பும், குழாய் அமைப்பும் கொண்ட நிலையான கட்டடம் பாதுகாப்பானது. மின்னல் அதைத் தாக்கினாலும் மின்னோட்டம் பெரும்பாலும் சுவர், கம்பி, குழாய் வழியாக மண்ணுக்குச் சென்றுவிடும். பள்ளி, ஊராட்சி அலுவலகம், வீடு ஆகியவை இவ்வகையில் அடங்கும். உள்ளே இருக்கும்போது அதே கம்பியையும் குழாயையும் தொடக் கூடாது. மின்னேற்றியில் பொருத்திய கைபேசியில் பேசுவதையும், குழாய் நீரில் கை கால் கழுவுவதையும், கதவு சன்னல் அருகில் நிற்பதையும் தவிர்க்கவும். மின்னேற்றியில் பொருத்தாத கைபேசியால் மின்னல் ஈர்க்கப்படுவதில்லை, அதனைப் பயன்படுத்தலாம்.

கார், பேருந்து, மூடிய வேன், லாரியின் மூடிய முன்னறை ஆகியவையும் பாதுகாப்பானவை. இரப்பர் சக்கரம் இதற்குக் காரணம் அன்று. இரும்புக் கூடு மின்னோட்டத்தை உங்களைச் சுற்றிக் கடத்திவிடுவதே காரணம். எனவே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இரும்புப் பாகங்களைத் தொடாமல் அமர்ந்திருக்க வேண்டும். டிராக்டர், ஆட்டோ, இருசக்கர வாகனம், சரக்கு வண்டியின் திறந்த பின்பகுதி ஆகியவற்றிற்கு இப்பாதுகாப்பு கிடையாது.

காவல் குடிசை, பக்கச்சுவர் இல்லாத தகரக் கொட்டகை, திறந்த மண்டபம், பயணியர் நிழற்குடை ஆகியவை மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது.

கோபுரம், கட்டுமானத் தளப் பணியாளர்களுக்கு

கைபேசிக் கோபுரத்தில் இடிதாங்கியும் நிலத்தொடர்புக் கம்பியும் இருப்பதால் அங்கே ஆபத்தில்லை என்று சிலர் கருதுகின்றனர். அவை கோபுரத்தையும் கருவிகளையும் காப்பதற்கானவை. கோபுரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதரைக் காப்பதற்கானவை அல்ல. சுற்றிலும் உயரமான எதுவும் இல்லாத கரிசல் வெளியில் மின்னல் முதலில் தேடும் இடமே கோபுரத்தின் உச்சிதான்.

நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து, பாதுகாப்புப் பட்டையின் கொக்கியை மாற்றி மாற்றி மாட்டி முறையாக இறங்கப் பத்து நிமிடத்திற்கும் மேல் ஆகலாம். கருவிகளைக் கட்டி இறக்குவதற்கும் நேரம் தேவை. ஆகவே மேலே ஏறுபவர் தாமாக வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. கீழே நிற்கும் ஒருவருக்கு வானத்தையும் எச்சரிக்கையையும் கவனிப்பதே வேலையாக இருக்க வேண்டும். மேகம் கறுத்தாலோ, எவ்வளவு தொலைவில் இடி கேட்டாலோ அவர் இறங்கச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் மறுபேச்சின்றி இறங்க வேண்டும். மூன்று மணி நேர எச்சரிக்கை நடப்பில் உள்ளபோது ஏறவே கூடாது. அவசரத்தில் கொக்கி மாட்டாமல் இறங்கி விழுவதும் மின்னலைப் போன்றே உயிரைப் பறிக்கும் என்பதால், முன்கூட்டியே இறங்கத் தொடங்குவதுதான் வழி.

இறங்கியபின் கோபுரத்தின் அடியில் நிற்க வேண்டாம். மின்னல் தாக்கினால் மண்ணில் மின்னோட்டம் மிகச் செறிவாக இருக்கும் இடம் அதன் அடித்தளமும் நிலத்தொடர்புக் குழிகளும் சூழ்ந்த பகுதியே. கம்பிவேலியையும் தொடாமல், வேலிக்கு வெளியே நிறுத்திய வண்டிக்குள் சென்று அமர வேண்டும். காற்றாலைகளில் பணிபுரிவோருக்கும் இதே விதி பொருந்தும். நிலத்தடிக் கம்பிவடங்களை இணைப்போரும் வேலையை நிறுத்த வேண்டும். உலோகக் கவசமுள்ள கம்பிவடம் தொலைவில் விழுந்த மின்னலையும் உங்கள் கைக்குக் கொண்டுவந்துவிடும்.

கட்டுமானத் தளத்தில் சாரம், கம்பிக்கட்டு, பாரந்தூக்கி, மேல்தளம் ஆகியவற்றிலிருந்து முதலில் விலக வேண்டும். சுவர் எழும்பாமல் தூணும் கூரையும் மட்டும் உள்ள தளத்தைப் புகலிடமாகக் கொள்ள வேண்டாம். கண்மாய், ஓடை வேலைகளில் இருப்போர் நீரை விட்டும், கரையின் உச்சியை விட்டும் விலகி, வண்டியையோ கட்டடத்தையோ அடைய வேண்டும்.

வெளியில் சிக்கிக்கொண்டால்

கட்டடத்தையோ வண்டியையோ அடைய இயலுமானால், மழையிலும் நில்லாமல் அதை நோக்கிச் செல்வதே சிறந்தது. தனிமரம், மின்கம்பம், கம்பிவேலி, கிணறு ஆகியவற்றை விட்டு விலகிச் செல்லுங்கள். தோளில் மண்வெட்டியோ நீண்ட கழியோ இருந்தால் கீழே போட்டுவிடுங்கள். அது உங்கள் உயரத்தைக் கூட்டும். ஆடுகளை ஓட்டிச் சேர்க்க நின்று கொண்டிருக்க வேண்டாம்.

கூட்டமாகச் சேர்ந்து நிற்கக் கூடாது. ஒருவருக்கொருவர் பதினைந்து மீட்டரேனும் இடைவெளி இருக்கட்டும். அச்சத்தில் ஒருவரையொருவர் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் ஒரே மின்னலில் அனைவரும் விழுந்துவிட்டால் முதலுதவி செய்ய எவரும் இருக்க மாட்டார்கள்.

உடல் ரோமம் சிலிர்த்து எழுந்தாலோ, அருகிலுள்ள இரும்பிலிருந்து சீறும் ஒலி கேட்டாலோ, மின்னல் அந்த நொடியே தாக்கக்கூடும். அப்போது கால்களை ஒட்டி வைத்து, குந்தி அமர்ந்து, தலையைக் குனிந்து, காதுகளைப் பொத்திக்கொள்ளுங்கள். படுக்கக் கூடாது, கையைத் தரையில் ஊன்றக் கூடாது. இது ஆபத்தைச் சற்றே குறைக்கும் கடைசி வழி மட்டுமே. அறிகுறி நீங்கியதும் எழுந்து மீண்டும் புகலிடம் நோக்கிச் செல்ல வேண்டும்.

ஒருவர் தாக்கப்பட்டால்

மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. அவரைத் தொடுவதால் உங்களுக்கு எந்தத் தீங்கும் நேராது. தொட அஞ்சி விலகி நிற்கும் நிமிடங்களில்தான் காப்பாற்றக்கூடிய உயிர்கள் போகின்றன.

மின்னோட்டம் இதயத்தை ஒரு கணம் நிறுத்துகிறது. மூச்சை இயக்கும் மூளைப் பகுதியையும் செயலிழக்கச் செய்கிறது. இதயம் பல வேளைகளில் தானாகவே மீண்டும் துடிக்கத் தொடங்கும். மூச்சு அவ்வளவு விரைவில் திரும்புவதில்லை. மூச்சின்றி உயிர்வளி கிடைக்காததால் இதயம் இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. இந்த இடைவெளியில் எவரேனும் மூச்சுக் கொடுத்து நெஞ்சை அழுத்தினால் பிழைக்கும் வாய்ப்பு உண்டு.

பலர் விழுந்திருந்தால், முனகுபவரிடமும் அழுபவரிடமும் முதலில் செல்லாதீர்கள். அவர்கள் மூச்சுவிடுகிறார்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அசைவின்றி, இறந்தவர்போல் கிடப்பவரிடமே முதலில் செல்ல வேண்டும். கண்பாவை விரிந்து அசையாதிருப்பதைக் கண்டு இறந்துவிட்டார் என்று முடிவு செய்யவும் கூடாது. மின்னல் தாக்கியவர்களிடம் அது தற்காலிகமாகவும் தோன்றும்.

செய்ய வேண்டியவை:

1. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஊர்ப் பெயருடன், வண்டி வரக்கூடிய தார்ச்சாலை முனையையும் சொல்லி, அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள்.
2. தோளைத் தட்டி அழைத்துப் பாருங்கள். பதிலும் இயல்பான மூச்சும் இல்லையெனில், மல்லாக்கப் படுக்க வைத்து உடனே தொடங்குங்கள்.
3. மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் வைத்து, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துங்கள். நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை.
4. முப்பது அழுத்தங்களுக்குப் பின், தலையைப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இருமுறை ஊதுங்கள். மார்பு உயர வேண்டும். மூச்சுக் கொடுக்கத் தெரியாதவர் அழுத்துவதை மட்டுமாவது நிறுத்தாமல் செய்ய வேண்டும்.
5. நெஞ்சழுத்தம் கடும் உழைப்பு. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். மூச்சு திரும்பும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள்.

இடிமழை ஓயாதிருந்தால் உதவுபவருக்கும் ஆபத்து உண்டு. அருகில் மூடிய வண்டி இருந்தால் பாதிக்கப்பட்டவரை அங்கே மாற்றிச் சிகிச்சையைத் தொடரலாம். நினைவற்றவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவதும், மண்ணிலோ சாணத்திலோ புதைப்பதும் கூடாது.

எழுந்து நடப்பவர்களும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்

மின்னல் தாக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர் உயிர்பிழைக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் கால்கள் சில்லிட்டு, வெளிறி, செயலிழந்ததுபோல் ஆகலாம். சில மணி நேரத்தில் இது பெரும்பாலும் சரியாகிவிடும். தோலில் பெரணி இலைபோன்ற சிவந்த கோடுகள் தோன்றி, ஓரிரு நாளில் மறையலாம். ஆயினும் இதயத் துடிப்பில் கோளாறு, செவிப்பறைக் கிழிசல், உள்காயம் ஆகியவை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். எனவே தாக்கப்பட்ட அனைவருக்கும் இதய மின்வரைபடப் பரிசோதனை தேவை. கருவுற்ற பெண்கள் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அதன்பின் வரும் மாதங்களில் மறதி, தூக்கமின்மை, தலைவலி, கைகால்களில் எரிச்சல், சோர்வு, இடியோசை கேட்டால் நடுக்கம், பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால், அவை மின்னலின் பின்விளைவாக இருக்கலாம். வேலைக்கு வர மறுக்கிறார் என்று குடும்பத்தாரும் உடன் பணிபுரிவோரும் தவறாக எண்ணாமல், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மின்னல் தாக்கிய நாளையும் மருத்துவரிடம் மறவாமல் குறிப்பிடுங்கள்.

அவசர அழைப்பு எண்கள்

ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1077
மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070